நின்றுபோன கல்யாணம், கட்டிய அட்வான்ஸ்: மண்டபத்திடம் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி

கல்யாணம் பேசி முடித்ததும் பல வீடுகளில் முதல் செலவு மண்டபம்தான். நல்ல முகூர்த்தத்துக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், தேதி குறித்த வாரமே யாராவது ஒருவர் போய் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்துவிடுவார். ரசீது பீரோவுக்குள் போய்விடும். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏழெட்டு நிபந்தனைகள் அச்சிட்டிருக்கும். கல்யாணம் நின்றுபோனாலோ, வேறு ஊரில் வைக்க முடிவானாலோதான் அந்தப் பின்பக்கத்தின் நினைவே வரும்.

அந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் மண்டபத்துக்குப் போய், "சார், எங்க நிலைமை இப்படி ஆயிடுச்சு, பார்த்து ஏதாவது திருப்பிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்டால் எவ்வளவு தருவது என்பது முழுக்க மேனேஜரின் மனசைப் பொறுத்ததாகிவிடுகிறது. ஆனால் ரசீதில் ரத்து நிபந்தனை இருக்கிறது என்றால், எவ்வளவு பிடிக்கலாம், மீதி எவ்வளவு, எப்போது தரவேண்டும் என்பதெல்லாம் பணம் கட்டிய அன்றே இருதரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம். நீங்கள் செய்யவேண்டியது, அந்த நிபந்தனைப்படி கணக்குப் போட்டு, ஒரே ஒரு தொகையைச் சொல்லி, ஒரு தேதிக்குள் கேட்பது. அதை எப்படிச் செய்வது என்பதை மண்டபத்தை வைத்தே விளக்குகிறேன். சமையல் காண்ட்ராக்டர், மேடை அலங்காரக்காரர், போட்டோகிராபர், மேளக்காரர் யாராக இருந்தாலும் முறை இதுதான்.

முதலில் காகிதத்தைத் தேடுங்கள்

நிபந்தனை என்பது முத்திரைத்தாளில் போட்ட ஒப்பந்தமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. ரசீதின் பின்பக்கம், புக்கிங் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பகுதி, கொட்டேஷனின் கடைசிப் பக்கம், மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விதிமுறைப் படம், இவற்றில் எதில் வேண்டுமானாலும் அது இருக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். ரசீதின் இரண்டு பக்கங்களையும் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் ஜிபே வழியாகப் போயிருந்தால், யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போனது என்று பாருங்கள். மண்டபத்தின் பெயரில் இல்லாமல் மேனேஜரின் சொந்தக் கணக்குக்குப் போயிருந்தால், அந்தத் தொகைக்கும் மண்டபத்தின் ரசீது இருக்கிறதா என்பது முக்கியம். இல்லை என்றால், சண்டை எதுவும் வருவதற்கு முன்பே, "நாங்கள் அனுப்பிய இன்ன தொகை அட்வான்ஸாக வரவு வைக்கப்பட்டதை உறுதி செய்யவும்" என்று ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிய பணம் எல்லாமே ஒரே வகை இல்லை என்பதையும் கவனியுங்கள். மண்டப ரசீதில் பொதுவாக இரண்டு விதமான தொகை இருக்கும். ஒன்று, வாடகையில் ஒரு பகுதியாக வாங்கிய அட்வான்ஸ். இன்னொன்று, நாற்காலி உடைந்தால், சுவரில் ஆணி அடித்தால், கரண்டு பில் கூடினால் கழித்துக்கொள்வதற்காக வாங்கும் காஷன் டெபாசிட். ரத்துக்கான பிடித்தம் அட்வான்ஸிலிருந்து போகவேண்டியது. நிகழ்ச்சியே நடக்காதபோது, நாற்காலி உடைய வாய்ப்பே இல்லாதபோது, காஷன் டெபாசிட்டில் கைவைக்க எந்தக் காரணமும் கிடையாது. நடைமுறையில் இரண்டையும் ஒரே ரசீதில் ஒன்றாகக் கூட்டிப் போட்டுவிடுவதால், கேட்பவர்களே காஷனை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் 12 அன்று தங்கைக்குக் கல்யாணம் என்று அண்ணன் போய் ஜனவரியில் மண்டபம் புக் செய்கிறார். வாடகை 2,00,000 ரூபாய். அட்வான்ஸ் 80,000, காஷன் டெபாசிட் 20,000, ஆக மொத்தம் 1,00,000 ரூபாய் கட்டி ரசீது வாங்குகிறார். ரசீதின் பின்பக்கம் இருக்கும் நிபந்தனைகளில் நமக்கு வேண்டியவை நான்கு.

நிபந்தனை 4: நிகழ்ச்சி நாளுக்கு 90 நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது ரத்து செய்தால் வாடகையில் 10 சதவீதம், 60 முதல் 89 நாட்கள் இருக்கும்போது 20 சதவீதம், 30 முதல் 59 நாட்கள் இருக்கும்போது 30 சதவீதம் பிடித்தம் செய்யப்படும். 30 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது.

நிபந்தனை 5: ரத்து செய்வதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

நிபந்தனை 6: காஷன் டெபாசிட், சேதம் இருந்தால் கழித்துக்கொண்டு திருப்பித் தரப்படும்.

நிபந்தனை 7: திருப்பித் தரவேண்டிய தொகை, ரத்துத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் வழங்கப்படும்.

ஏப்ரல் 10 அன்று சம்பந்தம் முறிகிறது. அன்று மாலையே அண்ணன் மேனேஜருக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறார். மறுநாள், ஏப்ரல் 11 அன்று, வாட்ஸ்அப்பில் "ஜூன் 12 புக்கிங்கை ரத்து செய்கிறோம்" என்று செய்தி போடுகிறார். மேனேஜர், "ஓகே சார், ஆபீஸ் வாங்க பேசலாம்" என்று பதில் போடுகிறார். வீட்டில் இருந்த சூழ்நிலையில் அண்ணனால் ஏப்ரல் 16 அன்றுதான் நேரில் போக முடிகிறது. அங்கே ஒரு ரத்துப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பிக் கொடுத்ததும் மேனேஜர் கணக்குச் சொல்கிறார்: "இன்னும் 57 நாள்தான் இருக்கு. அதனால 30 பர்சென்ட், 60,000 பிடித்தம். மீதி 20,000 வாங்கிக்கோங்க."

இந்தக் கணக்கில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதல் தவறு, தேதி. ஏப்ரல் 16 முதல் ஜூன் 12 வரை 57 நாட்கள் என்பது சரிதான். ஆனால் நிபந்தனை 5 கேட்பது எழுத்து மூலமான தகவல் மட்டுமே. 'அலுவலகத்தில் வந்து படிவம் நிரப்பவேண்டும்' என்று அதில் இல்லை. எழுத்து மூலமான தகவல் ஏப்ரல் 11 அன்றே போய்விட்டது, அதைப் படித்து மேனேஜர் பதிலும் போட்டிருக்கிறார். ஏப்ரல் 11 முதல் ஜூன் 12 வரை எண்ணினால், ஏப்ரலில் மீதி 19, மே மாதம் 31, ஜூனில் 12, ஆக 62 நாட்கள். 60-க்கு மேல் இருப்பதால் பிடித்தம் 20 சதவீதம்தான். வாடகையில் 20 சதவீதம் என்றால் 40,000. அட்வான்ஸ் 80,000-த்தில் அது போக மீதி 40,000.

இரண்டாவது தவறு, காஷன் டெபாசிட். மேனேஜரின் கணக்கில் 80,000 மட்டுமே வந்தது, தனியாக வாங்கிய 20,000 பற்றிப் பேச்சே இல்லை. நிபந்தனை 6-இன்படி அது முழுதாகத் திரும்ப வேண்டும்.

ஆக, மண்டபம் தரவேண்டியது 40,000-மும் 20,000-மும் சேர்ந்து 60,000 ரூபாய். மேனேஜர் சொன்னதற்கும் இதற்கும் 40,000 ரூபாய் வித்தியாசம். இதில் சட்ட நுணுக்கம் எதுவும் இல்லை, அவர்கள் அச்சிட்ட வரிகளை அவர்களுக்கே படித்துக் காட்டுவதுதான். ஏப்ரல் 10-ஆம் தேதி செய்த போனை இங்கே கணக்கில் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்து மூலம் என்று நிபந்தனை சொல்லும்போது போனை வைத்து வாதாடினால், வலுவாக இருக்கும் நம் பக்கம்தான் பலவீனமாகும். ரத்து என்று முடிவான அன்றே, யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுவது எவ்வளவு பெரிய உதவி என்பது இந்த 57-க்கும் 62-க்கும் நடுவில் தெரிகிறது. ஏப்ரல் 13 அன்று சரியாக 60 நாட்கள் மீதி. அதைத் தாண்டி எழுதியிருந்தால் மேனேஜர் சொன்ன 30 சதவீதமே சரியாகியிருக்கும்.

சில ரசீதுகளில் '20 சதவீதம் பிடித்தம்' என்று மட்டும் இருக்கும், எதில் என்று இருக்காது. மண்டபம் வாடகையில் என்று சொல்லும், அதாவது 40,000. நீங்கள் அட்வான்ஸில் என்று சொல்லலாம், அதாவது 16,000 மட்டும். இரண்டு விதமாகவும் பொருள் கொள்ள இடமிருந்தால், அந்த வாசகத்தை எழுதியவருக்குப் பாதகமான பொருளையே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று ஒப்பந்தங்களைப் படிப்பதில் ஒரு பழைய நெறி உண்டு. எழுதியவர் மண்டபக்காரர், தெளிவாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அதனால் அட்வான்ஸில்தான் என்று கேட்பது நியாயமானதே. ஆனால் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க இடமிருக்கும் ஒரே புள்ளியும் இதுதான் என்பேன்.

அப்புறம் ஜிஎஸ்டி. அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்கு வரியும் தனியாக வாங்கியிருந்தால், திரும்பி வரும் தொகைக்கு உரிய வரியும் திரும்ப வரவேண்டும். 80,000-க்கு 18 சதவீதம் என்று 14,400 கட்டியிருந்தால், மண்டபம் வைத்துக்கொள்ளும் 40,000-க்கான 7,200 அவர்களிடமே நிற்கும், மீதி 7,200 உங்களுக்கு. "வரியை அரசாங்கத்துக்குக் கட்டியாச்சு, வராது" என்று சொன்னால், ஜிஎஸ்டி சட்டத்தில் இதற்காகவே ரீஃபண்ட் வவுச்சர் என்ற ஏற்பாடு இருப்பதைச் சொல்லுங்கள். அட்வான்ஸ் வாங்கி, சேவை நடக்காமல், இன்வாய்ஸும் போடாமல் இருந்தால், பணத்தைத் திருப்பும்போது அந்த வவுச்சரைப் போடவேண்டியது வாங்கியவரின் வேலை.

கடிதம்

கணக்கு கையில் இருந்தால் கடிதம் எழுதுவது சுலபம். ஏன் கல்யாணம் நின்றது என்பதை எழுதவேண்டியதில்லை, ரத்துக்கான காரணத்தை நிபந்தனை கேட்கவில்லை. கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். மேலே சொன்ன குடும்பத்தின் அண்ணன் ஏப்ரல் 20 அன்று இப்படி எழுதலாம்:

> பெறுநர்: உரிமையாளர் / மேலாளர், (மண்டபத்தின் பெயர், முகவரி)
>
> பொருள்: ஜூன் 12 முன்பதிவு ரத்து – நிபந்தனைகள் 4, 6, 7-இன்படி ரூ. 60,000 திருப்பித் தரக் கோருதல்
>
> ஐயா,
>
> ரசீது எண் ___ மூலம், ஜூன் 12 அன்று நடக்கவிருந்த திருமணத்துக்காகத் தங்கள் மண்டபத்தைப் பதிவு செய்து, அட்வான்ஸ் ரூ. 80,000, காஷன் டெபாசிட் ரூ. 20,000, ஆக ரூ. 1,00,000 செலுத்தியிருந்தேன்.
>
> இப்பதிவை ரத்து செய்வதாக ஏப்ரல் 11 அன்று வாட்ஸ்அப் வழியாக எழுத்து மூலம் தெரிவித்தேன். அன்றே தங்கள் மேலாளர் அதைப் பெற்றுக்கொண்டு பதில் அளித்துள்ளார். அன்றைய தேதியில் நிகழ்ச்சிக்கு 62 நாட்கள் இருந்தன.
>
> எனவே நிபந்தனை 4-இன்படி பிடித்தம், வாடகை ரூ. 2,00,000-த்தில் 20 சதவீதமான ரூ. 40,000. அட்வான்ஸில் மீதி ரூ. 40,000. நிகழ்ச்சி நடைபெறாததால், நிபந்தனை 6-இன்படி காஷன் டெபாசிட் ரூ. 20,000 முழுவதும் திருப்பித் தரவேண்டியது. மொத்தம் ரூ. 60,000.
>
> நிபந்தனை 7-இன்படி இத்தொகையை மே 11-க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். இக்கணக்கில் மாறுபாடு இருப்பதாகக் கருதினால், எந்த நிபந்தனையின்படி என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.
>
> இணைப்பு: ரசீதின் இருபக்க நகல், ஏப்ரல் 11 வாட்ஸ்அப் உரையாடலின் படம்.

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். 'எந்த நிபந்தனையின்படி' என்று கேட்டுவிட்டால், "எங்க மண்டபத்துல இதுதான் வழக்கம்" என்ற பதில் செல்லாமல் போகும். எழுதிக் கேட்ட கேள்விக்கு அவர்கள் பதிலே போடவில்லை என்றாலும், பின்னால் அதுவும் உங்களுக்குச் சாதகமான சான்றுதான்.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மின்னஞ்சல் இருந்தால் அதிலும் அனுப்புங்கள். கூடவே ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு பிரதி போகட்டும். அந்தத் தபால் ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான விவரத்தையும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலின் படம் மட்டும் போதும் என்று நினைத்து போனை மாற்றிவிடாதீர்கள். உரையாடல் போனில் அப்படியே இருக்கவேண்டும். தானாக அழியும் செய்தி வசதி போட்டிருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

வரக்கூடிய பதில்கள்

"வேற தேதிக்கு மாத்திக்கோங்க, அட்வான்ஸை அப்படியே வெச்சுக்கலாம்" என்பார்கள். உங்களுக்கு உண்மையிலேயே வேறு தேதி தேவை என்றால் நல்லது, எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளலாம். தேவையில்லை என்றால், மரியாதைக்காகக்கூட "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். தேதி மாற்றம் வேறு, ரத்து வேறு. பல ரசீதுகளில் இரண்டுக்கும் தனித்தனி நிபந்தனை இருக்கும். 'நாங்கள் தேதி மாற்றம் கேட்டோம்' என்று பின்னால் திருப்பிவிட நீங்களே வழி செய்துகொடுத்தது போல ஆகிவிடும். "நன்றி, ஆனால் நாங்கள் கேட்டது ரத்து. தேதி மாற்றம் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள்.

"அதே தேதிக்கு ரெண்டு பார்ட்டி கேட்டாங்க, உங்களுக்காகத்தான் விட்டோம்" என்பது அடுத்தது. அது உண்மையாகவே இருக்கலாம். மண்டபக்காரருக்கு முகூர்த்த நாள் ஒன்று வீணானால் நஷ்டம்தான், அதை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த நஷ்டத்துக்காகத்தான் 20 சதவீதம் என்று அவர்களே விலை போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் தனியாக நஷ்டக் கணக்கு காட்ட முடியாது.

"ஓனர் ஊர்ல இல்ல" என்றால், நிபந்தனையில் உள்ள கடைசித் தேதியை மட்டும் நினைவுபடுத்திவிட்டுக் காத்திருங்கள். தினமும் போன் செய்வதால் பணம் சீக்கிரம் வருவதில்லை.

"ஒரிஜினல் ரசீதைக் கொடுத்தாத்தான் பணம்" என்பதும் சகஜம். அது நியாயமான கோரிக்கைதான், அவர்களுக்கும் கணக்கு முடிக்கவேண்டுமே. ஆனால் பணம் கணக்கில் ஏறிய பிறகு கொடுங்கள், அல்லது கைக்குக் கை மாற்றிக்கொள்ளுங்கள். ரசீதைக் கொடுத்துவிட்டு "அடுத்த வாரம் போடறோம்" என்ற வார்த்தையோடு வீட்டுக்கு வந்துவிடக்கூடாது.

'அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று இருந்தால்?

இந்த ஒரு வரியைப் பார்த்ததும் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்க இடம் இருக்கிறது, ஆனால் இது கொஞ்சம் கடினமான பாதை என்பதையும் தெரிந்துகொண்டே கேட்கவேண்டும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று ஒரு தொகையை எழுதி வைத்திருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது நியாயமான ஈடுதான் என்கிறது. எழுதிய தொகை அதற்கு மேல்வரம்பு. 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில், டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலத்தில் மனை எடுத்த நிறுவனத்தின் முன்பணத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையைப் பின்னால் மிக அதிக விலைக்கு விற்றிருந்தது. நஷ்டமே ஏற்படாதபோது ஈடு என்ற பெயரில் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதை மண்டபத்துக்குப் பொருத்திப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் விட்ட தேதியில் வேறு யாருக்காவது மண்டபம் போனதா? போயிருந்தால், மண்டபத்தின் நஷ்டம் மிகச் சிறியது, முழு அட்வான்ஸையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று வாதாடலாம். இதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அந்த நாளில் அந்த வழியாகப் போகும் உறவினர் யாரையாவது வாசலைப் பார்க்கச் சொல்லுங்கள். மணமக்கள் பெயர் போட்ட ஃப்ளெக்ஸோ, வாழைமரம் கட்டிய வாசலோ இருந்தால், தேதி தெரியும்படி தெருவில் நின்று ஒரு படம் எடுத்தாலே போதும். உள்ளே போய் யாரையும் தொந்தரவு செய்யவேண்டாம். நாள் கிழமைக்கு வெகு முன்பே ரத்து சொல்லியிருந்தால், 'இந்தத் தேதியில் வேறு புக்கிங் வந்தால் எங்கள் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும்' என்று அப்போதே எழுதி வைப்பது இன்னும் நல்லது. இதற்குப் பல மண்டபக்காரர்கள் மறுப்பு சொல்வதில்லை, நேர்மையாக நடந்துகொள்கிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கடினம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தொகை சிறியது, முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு ரத்து, அந்தத் தேதி காலியாகவே போனது என்றால், 74-ஆவது பிரிவு உங்களுக்கு அதிகம் உதவாது. அளவான முன்பணத்தைப் பறிமுதல் செய்வதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதும் உண்டு. இன்னொன்று, 'இந்த நிபந்தனையே நியாயமற்றது, செல்லாது' என்று நுகர்வோர் சட்டத்தின்கீழ் கேட்கவேண்டுமானால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். 'நிபந்தனைப்படி பணத்தைக் கொடுங்கள்' என்று கேட்பவருக்கு உள்ளூர் மாவட்ட ஆணையமே போதும். அச்சிட்ட நிபந்தனை ஓரளவு சாதகமாக இருந்தாலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ரத்து செய்தவர் நீங்கள் இல்லை என்றால் கதை முற்றிலும் வேறு. மண்டபக்காரரே ஒரே தேதியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டாலோ, மண்டபத்துக்கு சீல் வைக்கப்பட்டாலோ, ரத்துப் பிடித்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை, முழுப் பணத்தையும் கேட்கவேண்டும். 2020 ஊரடங்கு போல அரசாங்க உத்தரவால் நிகழ்ச்சி நடத்தவே முடியாமல் போனால், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65-ஆவது பிரிவுகளைச் சொல்லிக் கேட்கலாம். இப்படிப்பட்ட சமயத்தில் 'ரத்து செய்கிறோம்' என்று நீங்களாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 'இன்ன காரணத்தால் மண்டபத்தைத் தர முடியாத நிலை உள்ளதால்' என்று எழுதுங்கள்.

தேதி தாண்டியும் பணம் வரவில்லை என்றால்

மே 11 போய்விட்டது, பதிலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். இதற்குக் கட்டணம் இல்லை. அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் எதிர்த்தரப்பைத் தொடர்புகொண்டு சமரசத்துக்கு முயற்சி செய்வார்கள். கூடவே மண்டபத்துக்கு இன்னொரு கடிதம், 15 நாள் கெடு வைத்து: இதற்குள் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன் என்று. வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. மண்டபம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். e-jagriti.gov.in தளத்தில் இணையவழியாகவும் செய்யலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். இணைக்கவேண்டியவை ரசீது, ஏப்ரல் 11 செய்தி, ஏப்ரல் 20 கடிதம், தபால் சான்று, இரண்டாவது கடிதம். எல்லாம் நீங்கள் ஏற்கனவே சேர்த்து வைத்தவைதான். தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

பெரும்பாலும் விஷயம் அதுவரை போகாது. நடுவில் மேனேஜர் கூப்பிட்டு, "60,000 முடியாது, 45,000 தர்றோம், முடிச்சுக்கலாம்" என்பார். ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், அலைச்சலை மிச்சப்படுத்த ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அப்போது அவர்கள் நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால், மீதி 15,000-த்தைப் பின்னால் கேட்பது மிகவும் கஷ்டம். 45,000-த்தை இப்போது வாங்கிக்கொண்டு மீதியையும் கேட்பதுதான் உங்கள் எண்ணம் என்றால், 'ரூ. 60,000-இல் ஒரு பகுதியாக ரூ. 45,000 பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால், தாளில் கையெழுத்துப் போடாமல், வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லிவிட்டு வாருங்கள்.